எந்தெந்த நாள் வர முடியும்?



தேர்வு முடிந்து கல்லூரி மீண்டும் திறக்கும் வரை உங்களுக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கிறது. அந்த நாட்களில் ஒரு கடையிலோ, அச்சகத்திலோ, சிறு தொழிற்கூடத்திலோ வேலை செய்து கொஞ்சம் பொருள் ஈட்டலாம் என்னும் எண்ணம் உங்களில் பலருக்கு உண்டு. அதற்காகக் கைப்பேசியில் நான்கைந்து வரி எழுதி அனுப்புகிறீர்கள். அந்தச் சிறு செய்தியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதிலும் எல்லாவற்றையும் பற்றி அன்று; நீங்கள் வரக்கூடிய நாட்களைச் சொல்லுகின்ற ஒரே ஒரு வரியைப் பற்றி.

மதுரையில் என் பழைய மாணவர் ஒருவர் சிறிய அச்சகம் நடத்தி வருகிறார். அவரும், அவர் மனைவியும், இரண்டு பணியாளர்களுமே அங்கு வேலை செய்கிறவர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுவில், உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழில் பிழை பார்ப்பதற்காக அங்கே போயிருந்தேன். பேச்சினிடையே அவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, இவற்றைப் பாருங்கள். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் வேலை கேட்டு அனுப்பியவை” என்றார். பதினொரு செய்திகள் இருந்தன. அவற்றுள் இரண்டே இரண்டு பேரைத்தான் அவர் அழைத்துப் பேசியிருந்தார்.

மற்ற ஒன்பது பேர் என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கரும்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் டிசம்பர் மாதத்துத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்று முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை. வலப்பக்கம், அன்று வேலைக்கு வருவோர் பெயர். பல தேதிகளுக்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. “இந்த வெற்றிடத்தில் எழுதக்கூடிய செய்தி இரண்டுதான் வந்தது, ஐயா” என்றார்.

அந்தப் பலகையின் பொருள் விளங்க வேண்டுமானால், சிறிய அச்சகத்திற்கு அந்த மாதத்தில் நேரும் நெருக்கடியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மார்கழியில் நம் வீடுகளில் திருமணம் செய்வதில்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். தையில் நடக்கும் திருமணத்திற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே அழைப்பிதழ் கைக்கு வந்தாக வேண்டும். உறவினர் வீடுகளுக்கு நேரில் சென்று கொடுக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஊரில் திருமணம் இல்லாத மார்கழியில்தான் அச்சகத்தில் திருமண வேலை குவிகிறது. அதே சமயம் நாட்காட்டி வேலையும் வந்து சேருகிறது. சிவகாசியிலிருந்து படம் அச்சிட்ட அட்டைகளும், நாள் தாள்களின் கட்டுகளும் வருகின்றன. அட்டையின் கீழே கடையின் பெயரை அச்சிட்டு, மை காய்ந்த பின் கட்டைப் பொருத்தி, எண்ணிக் கட்டி அனுப்ப வேண்டும். ஜனவரி முதல் தேதிக்குப் பின் கொடுத்தால் அந்த நாட்காட்டியை யாரும் விரும்பி வாங்குவதில்லை.

இந்த வேலைகளில் பெரும்பகுதிக்கு அச்சுத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அழைப்பிதழை மடிப்பது, உறையில் இடுவது, ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கட்டுவது, பெயர்களில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்ப்பது, வந்தவரிடம் முன்பணம் வாங்கிக் குறித்துக்கொள்வது போன்றவையே. கவனமுள்ள எந்த மாணவரும் இரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம். எனவே அச்சக உரிமையாளருக்கு வேண்டியது கைகள்; அந்தக் கைகள் குறித்த நாளில் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கவலை.

இப்போது, அவர் அழைக்காத ஒன்பது செய்திகளுள் ஒன்றைச் சொல்கிறேன். ஏனையவும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன.

“வணக்கம் சார். நான் காலேஜ் படிக்கிறேன். எக்ஸாம் முடிந்து ஒரு மாதம் லீவு. எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். எப்போது வேண்டுமானாலும் வருவேன். உழைக்கத் தயங்க மாட்டேன். ப்ளீஸ் சார்.”

இதை எழுதியவர் நல்ல பிள்ளையாகவே இருப்பார். பணிவும் ஆர்வமும் தெரிகின்றன. ஆனால் கையில் சுண்ணக்கட்டியோடு பலகையின் முன் நிற்பவர் இதிலிருந்து எதை எழுத முடியும்? தேர்வு என்று முடிகிறது? ஒரு மாதம் என்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? “எப்போது வேண்டுமானாலும்” என்னும் சொல் தாராளமாகத் தோன்றுகிறது. ஆயினும் அதில் ஒரு நாளுக்குக் கூட உறுதி இல்லை. அந்த மாணவர் தம் தேர்வு அட்டவணையைப் பார்த்து எண்ண வேண்டிய கணக்கை, அட்டவணையே இல்லாத உரிமையாளரின் தலையில் வைத்துவிட்டார். நெருக்கடியில் இருப்பவர் இதையெல்லாம் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

என் மாணவர் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முந்தைய ஆண்டு, அதாவது 2023 டிசம்பரில், “எந்த நாளும் வருவேன்” என்று சொன்ன ஒரு மாணவரை நம்பிச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளை நன்றாகவே வேலை செய்தார். ஒரு நாள் வரவில்லை. கைப்பேசியும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று மாலைக்குள் ஒரு கடைக்கு நானூறு நாட்காட்டி கொடுக்க வேண்டும். உரிமையாளரும் அவர் மனைவியும் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து கட்டி முடித்தார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து, “நேற்று எனக்கு அரியர் தேர்வு இருந்தது” என்று தலை குனிந்தார். தேர்ச்சி பெறாத பாடம் ஒன்று உண்டென்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, அந்தத் தேதியையே மறைத்துவிட்டார். சொல்லியிருந்தால் அந்த ஒரு நாளுக்கு வேறொருவரை அமர்த்தியிருக்கலாம். சொல்லாததனால் இருவருக்கும் வருத்தம்; பின்னால் வேலை கேட்ட பிள்ளைகளின் மேலும் ஐயம்.

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடவேளை அட்டவணை தயாரித்தவன் ஆகையால், உரிமையாளரின் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது. நாளைக்கு வர முடியாது என்று இன்று சொல்லும் ஆசிரியரால் பள்ளிக்கு இடையூறு மிகுதியாக இல்லை. அந்த வகுப்புக்கு வேறொருவரை அனுப்பிவிடலாம். மணி அடித்த பின் வகுப்பு வெறுமையாக இருப்பது தெரிந்தால்தான் துன்பம். வராமை பெருங்குறையன்று; முன்னரே அறிவிக்காத வராமையே குறை.

சில நாள் கழித்து எங்கள் தெருவில் வாழும் ஒரு மாணவர் என்னைப் பார்க்க வந்தார். பி.காம். மூன்றாம் ஆண்டு படிப்பவர். அவருக்கும் விடுமுறை வேலை வேண்டியிருந்தது. அவர் எழுதி வைத்திருந்த செய்தியிலும் “ஒரு மாதம் லீவு” என்றே இருந்தது. “தம்பி, தேர்வு அட்டவணையை எடு, நாட்காட்டியையும் எடு, எண்ணிப் பார்ப்போம்” என்றேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவருடைய கடைசித் தேர்வு டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. கல்லூரி திறப்பது ஜனவரி 6, திங்கட்கிழமை. இடைப்பட்டவை டிசம்பர் 11 முதல் ஜனவரி 5 முடிய 26 நாட்கள். ஒரு மாதம் என்று அவர் நினைத்தது இங்கேயே நான்கைந்து நாள் குறைந்துவிட்டது. பிறகு, வர முடியாத நாட்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம். அச்சகத்திற்கு ஞாயிறு விடுமுறை; அந்த இடைவெளியில் நான்கு ஞாயிறு. டிசம்பர் 11 அன்று நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, கல்லூரி அலுவலக வேலைகளை முடிக்க வேண்டும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை திருக்கார்த்திகை. மேலூர்ப் பக்கத்தில் பாட்டி வீட்டில் விளக்கேற்றும் வழக்கம். இவையும் போக மிஞ்சியவை 20 நாட்கள்.

“அவ்வளவுதானா, தம்பி?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “17ஆம் தேதி பிற்பகலில் எனக்கும் ஓர் அரியர் தாள் உண்டு, ஐயா. வீட்டுக்கே சொல்லவில்லை” என்றார். அச்சக உரிமையாளர் சொன்ன கதை என் நினைவுக்கு வந்தது. ஒரே கணக்கு, ஒரே வெட்கம். ஆண்டு மட்டும் வேறு. 17ஆம் தேதியையும், அதற்குப் படிக்க வேண்டிய 16ஆம் தேதியையும் கழித்தோம். 18 நாட்கள் நின்றன.

அந்தப் பதினெட்டு நாட்களும் ஒரே மதிப்புடையவை அல்ல. 12ஆம் தேதி ஒரு நாள், 14ஆம் தேதி ஒரு நாள், பிறகு மூன்று நாள் இடைவெளி. 18ஆம் தேதியிலிருந்துதான் தொடர்ச்சி. புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு நாளும் பழகுவதிலேயே கழியும். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு நான்கு நாள் இழப்பதை எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார். எனவே அந்த இரண்டு தனி நாட்களையும் விட்டுவிடும்படி சொன்னேன். டிசம்பர் 18 புதன்கிழமை முதல் ஜனவரி 4 சனிக்கிழமை முடிய, ஞாயிறு நீங்கலாக, 16 நாட்கள். “ஒரு மாதம்” என்று தொடங்கிய கணக்கு பதினாறில் வந்து நின்றது. அந்தப் பதினாறில் ஒரு நாள் கூடப் பொய் இல்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். செய்தியில் அரியர் தாளைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியிருக்கவில்லை. 18ஆம் தேதி முதல் வருகிறேன் என்றால் போதும். 17ஆம் தேதி ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. வர முடியாத நாளை மறைக்கக் கூடாது. வர முடியாத காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த வேறுபாடு விளங்கியதும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது.

பிறகு அவரே எழுதினார். நான் இரண்டொரு சொல்லை மட்டும் திருத்தினேன். நவம்பர் 18ஆம் தேதி காலையில் அவர் அனுப்பிய செய்தி இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மதுரையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வு விடுமுறையில் தங்கள் அச்சகத்தில் வேலை செய்ய விரும்புகிறேன். டிசம்பர் 18 புதன் முதல் ஜனவரி 4 சனி வரை, ஞாயிறு தவிர, 16 நாட்களும் வர முடியும். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை இருப்பேன். ஜனவரி 6 அன்று கல்லூரி திறக்கிறது. தமிழில் பிழை பார்க்கவும், கணக்கு எழுதவும் தெரியும். அச்சக வேலை பழகியதில்லை. நாள்தோறும் மாலை 4 மணிக்கு மேல் இந்த எண்ணில் பேசலாம்.”

கீழே தம் பெயரையும் தெருவையும் எழுதியிருந்தார்.

இதில் தேதியோடு கிழமையும் இருப்பதைப் பாருங்கள். கைப்பேசியில் 18 என்பது 13 என்று தவறி விழுந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. “18 புதன்” என்று எழுதும்போது, எண் பிழைபட்டால் கிழமை ஒத்துவராது. படிப்பவர் உடனே கேட்டுத் தெளிவு பெறலாம். முடிவு நாளையும், கல்லூரி திறக்கும் நாளையும் சேர்த்துச் சொன்னதனால், இடையில் நின்றுவிடுவாரோ என்ற ஐயத்திற்கு இடமில்லை. நாளோடு நேரமும் வேண்டும். காலையில் பேருந்தில் வர வேண்டியவர் எட்டு மணிக்கே வருவேன் என்று எழுதிவிட்டு நாள்தோறும் தாமதமாக வருவதைவிட, ஒன்பதரை என்று எழுதிக் குறித்த வேளையில் வருவதே மேல். பழகாத வேலையைப் பழகியதில்லை என்று சொன்னதும் நன்று. சொல்லிக் கொடுக்க இரண்டு நாள் ஒதுக்க வேண்டும் என்று உரிமையாளர் கணக்கிட்டுக்கொள்வார்.

கூலியைப் பற்றி அந்தச் செய்தியில் எழுதவில்லை. அதை நேரில் பேசும்போது கேட்பதுதான் பொருத்தம். ஆனால் வேலையில் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: ஒரு நாளுக்கு எவ்வளவு, மதிய உணவு அவர்களுடையதா நம்முடையதா, பணம் வாரந்தோறுமா கடைசியிலா என்பவற்றை. நாட்களை எழுத்தில் கொடுத்திருப்பதன் பயன் இங்கேயும் தெரியும். நாள் கூலி என்பது நாட்களின் எண்ணிக்கையால் பெருகும் தொகை. எந்தெந்த நாள் என்பது இருவர் கைப்பேசியிலும் பதிந்திருந்தால் பிற்பாடு வாக்குவாதம் எழாது.

செய்தியை எப்போது அனுப்புவது என்பதும் ஒரு கேள்வி. பலகை நிறைவதற்கு முன் அனுப்ப வேண்டும். எங்கள் தெருப் பிள்ளை ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பினார். தேர்வு முடிந்த அன்று மாலையில் அனுப்புகிறவர்களுக்கு, மற்றவர்கள் எடுத்தது போக எஞ்சிய நாட்களே கிடைக்கும். இரண்டு மூன்று நாள் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் தொல்லை செய்தல் ஆகாது.

நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். “தேர்வுத் தேதியே மாறிவிட்டால் நாங்கள் கொடுத்த நாள் என்ன ஆகும்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது நடக்கக்கூடியதே. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் கல்லூரிகள் மூடப்பட்டு, தேர்வுகள் தள்ளி வைக்கப்பட்டன. தள்ளி வைத்த தேர்வு பெரும்பாலும் விடுமுறையின் தொடக்கத்தில் வந்து விழும். ஆகவே கடைசித் தேர்வுக்கு மறுநாளே வேலையில் சேருவதாக எழுதாமல், சில நாள் இடைவெளி விட்டு எழுதுவது பாதுகாப்பானது. அதையும் மீறித் தேதி மாறினால், மாறியது தெரிந்த அன்றே எழுதிவிடுங்கள்: “ஐயா, 19 வியாழன் தேர்வு வைத்துவிட்டார்கள், அன்று வர இயலாது. மற்ற 15 நாட்களில் மாற்றம் இல்லை.” இதில் மன்னிப்பு மொழிகள் பத்து வரி வேண்டாம். எந்த நாள் போயிற்று, எந்த நாட்கள் நிற்கின்றன என்ற இரண்டும் இருந்தால் போதும். பலகையில் ஒரு பெயரை அழித்து வேறொரு பெயர் எழுதிக்கொள்வார்.

இவ்வாறு எழுதினால் வேலை நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பலகை நிறைந்திருந்தால் எவ்வளவு நல்ல செய்தியும் பயன்படாது. எங்கள் தெருப் பிள்ளைக்குங்கூட அவர் கேட்ட பதினாறு நாளும் கிடைக்கவில்லை. அன்று மாலையே உரிமையாளர் அழைத்து, “18 முதல் 21 வரை ஆள் இருக்கிறது, தம்பி. 23 திங்கள் முதல் ஜனவரி 4 வரை வா” என்றார். அதாவது 12 நாட்கள். “எப்போது வேண்டுமானாலும்” என்று எழுதியிருந்தால் அந்தப் பேச்சே நடந்திராது. நாட்கள் தெளிவாக இருந்ததனால், பதினாறிலிருந்து தமக்கு வேண்டிய பன்னிரண்டை அவர் எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஜனவரி தொடக்கத்தில், அச்சான அழைப்பிதழ் ஒன்றைப் பார்ப்பதற்காக மீண்டும் அந்த அச்சகத்திற்குப் போனேன். அந்தப் பிள்ளை தரையில் அமர்ந்து உறைகளை ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். டிசம்பர் 23 முதல் அன்று வரை, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அவர் பெயர் எழுதியிருந்தது. ஓரிடத்திலும் அழித்து எழுதிய தடம் இல்லை.